கைப்பட எழுதிய சாமான் பட்டியலைப் படியெடுத்தல்: சுருக்கங்கள், கலந்த அளவுகள், அடித்த வரிகள்

பினாங்கில் பெரியவர்களின் பழைய சாமான் பட்டியல்களைக் கணினியில் ஏற்றிவைக்க விரும்பும் குடும்பங்களுக்கு உதவிவருகிறேன். புதிதாக இதில் இறங்குபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். ஒரு வரியைப் பார்த்ததும் அதை வாசித்து, சுருக்கத்தை விரித்து, காத்தி என்ற பழைய எடையளவைக் கிலோவாக மாற்றி, அடித்திருந்தால் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். நான்கு வேலைகளும் ஒரே மூச்சில் நடப்பதால், பிறகு ஓர் எண் தவறு என்று தெரிந்தாலும் தவறு வாசிப்பிலா, விரிப்பிலா, மாற்றத்திலா என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போகிறது.

ஆகவே இந்த வழிகாட்டி படிகளின் வரிசையையே முதன்மையாகக் கொள்கிறது. எடுத்துக்காட்டுக்கு ஒரு பாட்டி எழுதிய மாதச் சாமான் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நீல மையால் எழுதப்பட்டது. மளிகைக் கடையிலும் பிறகு சௌராஸ்தா சந்தையிலும் வாங்க வாங்கப் பென்சிலால் அடிக்கப்பட்டது.

## 1. தொடங்குமுன் தயாராக வேண்டியவை

முதலில் தாளை வண்ணத்தில் படமெடுக்க வேண்டும். கைப்பேசியின் ஆவண வருடல் வசதி பின்னணியை வெளுத்து எழுத்தைக் கறுப்பாக்கிவிடும். அப்போது மங்கலான பென்சில் கோடு மறைந்துபோகும், நீல மையும் கறுப்பு மையும் ஒன்றாகிவிடும். எந்தக் கோடு எந்தக் கோலால் போடப்பட்டது என்பதே பின்னால் நமக்கு வேண்டிய முக்கியச் சான்று என்பதால் சாதாரணப் புகைப்படமே மேல். வருடி இருந்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் வண்ணமாக வருடலாம்.

இரண்டாவது படம் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அறை விளக்கை அணைத்து, ஒரு சிறு விளக்கைத் தாளின் ஓரத்தில் தாழ்வாகப் பிடித்தால், அழுத்தி எழுதிய இடங்களின் பள்ளம் நிழலாகத் தெரியும். மை அப்பி மறைத்த சொல்லை வாசிக்க இந்தப் பள்ளமே பலமுறை கைகொடுக்கும். பின்பக்கத்தையும் விடாமல் எடுங்கள். நாட்காட்டித் தாளில் அச்சிட்ட தேதி பட்டியல் எழுதிய தேதி ஆகாது; கிழித்த தாளைப் பல நாள் கழித்தும் எழுதப் பயன்படுத்துவார்கள். அதைக் குறிப்பாக மட்டும் எழுதிவைக்க வேண்டும்.

அட்டவணைச் செயலியில் படியெடுப்பதானால், ஓர் எழுத்துகூடத் தட்டச்சு செய்வதற்கு முன்பே எல்லாப் பத்திகளையும் உரை வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல் `1/2` என்று தட்டச்சு செய்த அரைக்கிலோ தேதியாக மாறிவிடும். எழுதியது என்ன என்பதும் கலத்திலிருந்து மறைந்துவிடும்.

## 2. எழுதியபடியே எழுதுதல்

முதல் சுற்றில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். புள்ளி இருந்தால் புள்ளி, இல்லையென்றால் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் மேலிருந்து கீழாக எண் கொடுங்கள். அடித்த வரிக்கும் எண் உண்டு. நம் பாட்டியின் பட்டியல் இப்படி வரும்:

```
1   து.ப 2 கி
2   உ.ப 1½ கி
3   ம.தூ 250
4   ம.தூ 100
5   மி.தூ ½ கி
6   மிளகு கா கி
7   பச்சரிசி 1 கந்தாங்
8   தே.எ 2 1 போ
9   சி.வெ 1 கா
10  வெ 2 கி
11  இ.பி 3 தா
12  கெம்போங் செலார் 1½ கா
13  மல்லி 1 வெ
14  முட்டை 1 த
15  [மை அப்பியது] 1
```

எட்டாம் வரியில் "2 1" என்று இரண்டு எண்கள் நிற்பது விசித்திரமாகத் தோன்றும், அப்படியே விடுங்கள். அங்கே இரண்டின் மேல் ஒரு கோடு இருக்கிறது. அதை அடுத்த சுற்றில் கவனிப்போம். வாசிக்கவே முடியாத இடத்துக்கு `[...]` என்றும், ஐயத்துடன் வாசித்த சொல்லுக்குப் பின்னால் `[?]` என்றும் இடுவது போதும். குறிகளைப் பெருக்கினால் நாமே அவற்றின் பொருளை மறந்துவிடுவோம்.

இந்தச் சுற்றில் அதிகம் நேரும் பிழை, எழுத்துப்பிழையைத் தன்னையறியாமல் திருத்திவிடுவது. எழுதியவர் எங்கெல்லாம் "ழ"வுக்கு "ள" போடுகிறார், எங்கெல்லாம் புள்ளியை விடுகிறார் என்பது, பிறகு ஒரு கடினமான வரியை அவிழ்க்க உதவும் தடயம். திருத்தியெழுதினால் அந்தத் தடயம் அழிந்துவிடும்.

## 3. கோடுகளைப் பிரித்தறிதல்

பலரும் தவறவிடுவது இந்தப் படியைத்தான். ஒரு கடிதத்தில் அடித்த சொல், எழுதியவர் வேண்டாம் என்று நீக்கிய சொல். சாமான் பட்டியலில் அடித்த சொல் பெரும்பாலும் அதற்கு நேர்மாறு: அந்தப் பொருள் பைக்குள் வந்துவிட்டது. அடித்த வரிகளை விட்டுவிட்டுப் படியெடுத்தால், வீட்டுக்கு வந்த சாமான் எல்லாம் விடுபட்டு, வராதவை மட்டும் மிஞ்சும். ஆனால் எல்லாக் கோடும் வாங்கியதைக் குறிப்பதில்லை என்பதால், ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

வாங்கிய பின் போடும் கோடு பொதுவாக ஒற்றைக் கோடு. கடையில் நின்றபடி, தாளை உள்ளங்கையிலோ பையின் மேலோ வைத்து அடிப்பதால் கோடு நடுங்கும், சில இடங்களில் தாளைக் குத்தியிருக்கும். எழுதிய கோலும் அடித்த கோலும் பெரும்பாலும் வேறாக இருக்கும். சொல் தெளிவாக வாசிக்கக்கூடிய நிலையிலேயே இருக்கும், ஏனென்றால் அதை மறைக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

எழுதும்போதே செய்த திருத்தம் வேறு மாதிரி. மேசைமேல் வைத்து எழுதிய அதே மையில் இருக்கும், அடுத்த சொல் பக்கத்திலேயே அதே வரியில் தொடரும். பன்னிரண்டாம் வரியைப் பாருங்கள். "கெம்போங்" நீல மையால் அடிக்கப்பட்டு, "செலார்" அதே மையில் தொடர்கிறது; பிறகு "செலார்" மேல் பென்சில் கோடு. அதாவது, வீட்டில் இருக்கும்போதே மீனை மாற்றிக்கொண்டார். சந்தையில் செலார் வாங்கினார். ஒரே வரியில் இரு கோடுகளுக்கு இரு பொருள். மை ஒன்றாகத் தெரியும் கறுப்புவெள்ளைப் படத்தில் இதைப் பார்ப்பவர், இரண்டு மீனும் வாங்கியதாகவே எழுதுவார்.

பதினைந்தாம் வரியில் நீல மையைச் சுற்றிச் சுற்றி அப்பியிருக்கிறது. சொல்லையே மறைக்கும் நோக்கம் இது. எழுதியபோதே வேண்டாம் என்று விட்ட பொருள். சாய்ந்த ஒளியில் எடுத்த படத்தில் "சோப்" என்று வாசிக்க முடிந்தால் `சோப்[?]` என்று குறித்துக்கொள்ளலாம், ஆனால் அதை வாங்காத பொருள்களோடு சேர்க்கக்கூடாது. வாங்க நினைத்துக் கிடைக்காமல் போனது வேறு, பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது வேறு.

எட்டாம் வரியில் எண்ணை மட்டும் அடித்து, பென்சிலால் 1 எழுதி, பிறகு பெயரையும் பென்சிலால் அடித்திருக்கிறார். இரண்டு போத்தல் வாங்கப் போனவர் ஒன்றுதான் வாங்கினார் என்று இதற்குப் பொருள். அதனால் கேட்ட அளவு, வாங்கிய அளவு என்று இரண்டு தனிப் பத்திகள் வேண்டும். ஒரே பத்தியில் 1 என்று மட்டும் எழுதினால், அவர் வீட்டுக்கு மாதம் எவ்வளவு எண்ணெய் தேவைப்பட்டது என்ற செய்தி போய்விடும்.

ஒன்பது முதல் பதினொன்று வரை ஒரே சாய்வுக் கோடு இழுபட்டிருக்கிறது. ஒரே கடையில் மொத்தமாக வாங்கியவற்றை இப்படி அடிப்பது வழக்கம். சிக்கல் கோட்டின் வாலில் இருக்கிறது: அது பதினொன்றாம் வரியின் முதலெழுத்தைத் தொட்டு நிற்கிறது. கோடு முடிந்த வரியும் சேருமா, சேராதா? கை வேகத்தில் கோடு இழுப்பவர்கள் வேண்டிய இடத்தைத் தாண்டி இழுத்துவிடுவது உண்டு. இங்கே அந்த வரியைச் சுற்றி ஒரு பென்சில் வட்டமும் இருக்கிறது. வேறெந்த வரிக்கும் வட்டம் இல்லை. பிறகு வாங்க வேண்டியதாக அவர் குறித்துக்கொண்டார் என்பது என் வாசிப்பு. அப்படியிருந்தும் நிலைப் பத்தியில் "நிலுவை[?]" என்றே எழுதுவேன்.

நிலைப் பத்திக்கு நான் நான்கு சொற்களை மட்டும் பயன்படுத்துகிறேன்: வாங்கியது, நிலுவை, நீக்கியது, மாற்றியது. பட்டியலைப் படியெடுத்து முடிக்கும் வரை இந்த நான்கை விட்டு விலகக்கூடாது. செயலியில் உள்ள எழுத்தின் மேல் கோடு போடும் வசதியை நம்ப வேண்டாம். வெறும் உரைக் கோப்பாகவோ `.csv` கோப்பாகவோ சேமித்ததும் அந்தக் கோடுகள் எல்லாம் சத்தமில்லாமல் மறைந்துவிடும். சொற்கள் மட்டும் மிஞ்சும்.

## 4. சுருக்கங்களை விரித்தல்

இப்போதுதான் "து.ப" துவரம்பருப்பு ஆகிறது. விரிப்பைத் தனிப் பத்தியில் எழுத வேண்டும். மூலப் பத்தியைத் தொடக்கூடாது.

சுருக்கத்தை விரிக்கச் சான்றுகளை ஒரு வரிசையில் தேட வேண்டும். முதலில் அதே கையெழுத்தில் அதே பொருள் முழுதாக எழுதப்பட்ட இடம், பிறகு பக்கத்து வரிகள், பிறகு அளவு, கடைசியாக எழுதியவரிடமோ வீட்டாரிடமோ கேட்பது. கேட்பதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. "பாட்டி, இது மஞ்சள்தூள்தானே?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். தாளை அவர் கையில் கொடுத்து, "இந்த வரியைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க பாட்டி" என்று சொல்லி, நம் ஊகத்தை வெளியிடாமல் காத்திருக்க வேண்டும்.

"ம.தூ" இரண்டு முறை வருகிறது. மஞ்சள், மல்லி, மிளகாய் என மூன்றுக்கும் முதலெழுத்து மகர வரிசைதான். ஆனால் ஐந்தாம் வரியில் அவர் மிளகாய்த்தூளுக்கு "மி.தூ" என்று எழுதுகிறார், ஆகவே "ம.தூ" மிளகாய் ஆகாது. எஞ்சிய இரண்டில், மல்லித்தூள் குழம்புக்கு அதிகம் செலவாகும், மஞ்சள்தூள் சிட்டிகைக் கணக்கில் போகும். எனவே 250 மல்லி, 100 மஞ்சள் என்று கொள்ளலாம். இது அளவை வைத்துச் செய்த ஊகம். குறிப்புப் பத்தியில் "அளவால் ஊகித்தது" என்று எழுத வேண்டும். இன்னொரு மாதத்துப் பட்டியல் கிடைத்து, அதில் "மஞ்.தூ 100" என்று இருந்தால் ஊகம் உறுதியாகிவிடும். அந்த நாளுக்காகத்தான் குறிப்பு.

ஒரே எழுத்து ஒரே தாளில் பல வேலை செய்வதும் உண்டு. இந்தப் பட்டியலில் "கா" இரண்டு பொருளில் வருகிறது: ஒன்பதாம் வரியில் எண்ணுக்குப் பின் நிற்பதால் காத்தி, ஆறாம் வரியில் எண் இல்லாமல் "கி"க்கு முன் நிற்பதால் கால், அதாவது கால் கிலோ. இவரே "கா.மி" என்று எழுதினால் அது காய்ந்த மிளகாயாக இருக்கும். "வெ"யும் அப்படியே. பத்தாம் வரியில் பொருளின் இடத்தில் நிற்கிறது. சின்ன வெங்காயத்துக்கு அடுத்து வந்து 2 கிலோ என்று கேட்பதால் பெரிய வெங்காயம். வெந்தயத்தை யாரும் வீட்டுக்கு 2 கிலோ வாங்குவதில்லை. பதின்மூன்றாம் வரியில் எண்ணுக்குப் பின் நிற்பதால் அது வெள்ளி, அதாவது ரிங்கிட். எழுத்தை மட்டும் பாராமல் அது நிற்கும் இடத்தைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

"கி" கிலோவா கிராமா என்பது தமிழில் எழுதிய எல்லாப் பட்டியலிலும் வரும் கேள்வி. ஒன்று, இரண்டு, அரை என்று வந்தால் கிலோ. 50, 100, 250 என்று வந்தால் கிராம். இடைப்பட்ட 10, 25 போன்ற எண்களில் பொருளைப் பார்க்க வேண்டும்: அரிசி 10 கி கிலோ, ஏலக்காய் 25 கி கிராம். மூன்றாம், நான்காம் வரிகளில் அலகே இல்லை. அங்கே "கிராம்" என்பதை நாம் சேர்க்கிறோம் என்று தெரியும்படி சதுர அடைப்புக்குள் `[கிராம்]` என்று எழுதுங்கள்.

"இ.பி" இக்கான் பிலிஸ். தமிழ்ச் சுருக்கம் என்று நினைத்துத் தேடினால் இஞ்சி வரை போய் நிற்பீர்கள். இங்குள்ள வீடுகளில் மீனும் கீரையும் மலாய்ப் பெயரில்தான் எழுதப்படும். விரிக்கும்போது அதை நெத்திலி என்று மாற்ற வேண்டாம். இக்கான் பிலிஸ் என்றே விரித்து, வேண்டுமானால் நெத்திலி என்பதைக் குறிப்பில் சேர்க்கலாம்.

## 5. அளவுகளை மாற்றுதல்

மாற்றம் கடைசியில் வருவதற்குக் காரணம், அலகு எது என்று உறுதியாகும் முன் மாற்றினால் ஒரு பிழை இரண்டாகப் பெருகும் என்பதே. மலேசியாவில் எடை, அளவைகளுக்கான சட்டம் 1972இல் வந்து மெட்ரிக் முறை நிலைபெற்றுவிட்டாலும், சந்தையில் காத்தி இன்னும் வாயில் வழங்குகிறது. அதனால் ஒரே பட்டியலில் கிலோவும் காத்தியும் பக்கத்தில் பக்கத்தில் வருவது இயல்பு.

முறையான கணக்கில் 1 காத்தி 604.8 கிராம், சந்தையில் 600 கிராம் என்று நிறுப்பார்கள். கிலோவும் சேர்ந்து வரும் பட்டியல் என்றால் 600 என்று கொள்வதே எழுதியவரின் வழக்கத்துக்கு நெருக்கம். எனவே சின்ன வெங்காயம் 600 கிராம், செலார் 900 கிராம். தாஹில் என்பது காத்தியில் 16இல் ஒரு பங்கு. அதே 600ஐ வைத்துக் கணக்கிட்டால் 1 தாஹில் 37.5 கிராம், 3 தாஹில் 112.5 கிராம். ஒரு வரியில் 600ஐயும் மறு வரியில் 604.8ஐயும் கலக்கக்கூடாது, எதைக் கொண்டோம் என்பதைக் கோப்பின் தலையில் ஒருமுறை எழுதிவிடுங்கள்.

கந்தாங்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். அது கொள்ளளவு, எடை அல்ல. ஆங்கிலேயர் கால அளவின்படி ஒரு கந்தாங் ஒரு கேலன், அதாவது 4.546 லிட்டர். அரிசி எத்தனை கிலோ என்பது அரிசியின் வகையையும், தலை தட்டி அளந்தார்களா குவித்து அளந்தார்களா என்பதையும் பொறுத்தது. கந்தாங் என்ற பெயரிலேயே வேறு அளவுகளும் வழங்கியிருக்கின்றன. ஆகவே மாற்றிய அளவுப் பத்தியில் கிலோ எண் எழுத வேண்டாம். "1 கந்தாங், கொள்ளளவு" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாற்றவே கூடாத இன்னொன்று பதின்மூன்றாம் வரி. "மல்லி 1 வெ" என்றால் ஒரு வெள்ளிக்குக் கொடுக்கும் மல்லித்தழை. விலைக்கு வாங்கியதை எடையாக்க அன்றைய விலை தெரிய வேண்டும். அது தாளில் இல்லை. அலகுப் பத்தியில் "வெள்ளி மதிப்பு" என்று எழுதிவிட்டால் யாரும் பின்னால் அதைக் கூட்டிக் கழிக்க மாட்டார்கள். முட்டை ஒரு தட்டு என்றால் இங்கே 30; அதைக் குறிப்பில் எழுதலாம்.

## 6. முடிந்த வரிகள் சில

```
எண் | எழுதியபடி      | விரிப்பு        | கேட்டது      | வாங்கியது    | நிலை
3   | ம.தூ 250       | மல்லித்தூள்[?]  | 250 [கிராம்] | 250 [கிராம்] | வாங்கியது
4   | ம.தூ 100       | மஞ்சள்தூள்[?]   | 100 [கிராம்] |              | நிலுவை
8   | தே.எ 2 1 போ    | தேங்காய் எண்ணெய் | 2 போத்தல்    | 1 போத்தல்    | வாங்கியது
11  | இ.பி 3 தா      | இக்கான் பிலிஸ்  | 3 தாஹில்     |              | நிலுவை[?]
12அ | கெம்போங்        | கெம்போங்        |              |              | மாற்றியது
12ஆ | செலார் 1½ கா   | செலார்          | 1½ காத்தி    | 1½ காத்தி    | வாங்கியது
```

அகலம் கருதி மாற்றிய அளவு, அலகு, குறிப்புப் பத்திகளை இங்கே விட்டிருக்கிறேன். பன்னிரண்டாம் வரி இரண்டாகப் பிரிந்திருப்பதைக் கவனியுங்கள். மூல எண்ணை விடாமல் அ, ஆ சேர்ப்பதால், கீழுள்ள வரிகளின் எண் நகராது; படத்தோடு ஒப்பிடும்போது தேட வேண்டியதில்லை.

"வாங்கியது" பத்தியில் அளவை நிரப்பும்போது ஓர் எல்லையை மதிக்க வேண்டும். கோடு சொல்வது பொருள் வாங்கப்பட்டது என்பதை மட்டுமே. 250 கேட்டவர் கடையில் 200 கிராம் பாக்கெட் வாங்கியிருக்கக்கூடும். எண்ணில் திருத்தம் இல்லாதபோது கேட்ட அளவையே எழுதுகிறோம் என்பதையும் கோப்பின் தலையில் குறிப்பிடுங்கள். கடைச் சீட்டு தாளோடு பத்திரமாக இருந்தால், அதன் அளவுக்குத் தனிப் பத்தி போட்டு எழுதுவதே சரி.

## 7. சரிபார்த்தல்

முதலில் வரிகளை எண்ணுங்கள்: 12அ, 12ஆ இரண்டையும் ஒரே வரியாகக் கொண்டால், தாளில் 15 என்றால் கோப்பிலும் 15. பிறகு பென்சில் கோடுகளை மட்டும் தாளில் எண்ணி, "வாங்கியது" என்று குறித்த வரிகளோடு ஒப்பிடுங்கள். ஒரே கோடு பல வரிகளை வெட்டும் இடத்திலும், எட்டாம் வரியைப் போல ஒரே வரியில் இரண்டு கோடுகள் இருக்கும் இடத்திலும் வரிகளைத்தான் எண்ண வேண்டும். எண்கள் பொருந்தவில்லை என்றால், பெரும்பாலும் மங்கலான கோடு ஒன்றோ, திருத்தக் கோட்டை வாங்கியதாக எண்ணிய வரி ஒன்றோ காரணமாக இருக்கும்.

அடுத்து, ஒருவர் கோப்பை வாய்விட்டு வாசிக்க, மற்றொருவர் கீழிருந்து மேலாகத் தாளைப் பார்த்துவர வேண்டும். மேலிருந்து வாசித்தால் பருப்புக்குப் பின் பருப்பு என்று மனம் முன்கூட்டியே எதிர்பார்த்து, இல்லாததையும் பார்த்துவிடும். கீழிருந்து வரும்போது ஒவ்வொரு வரியும் தனியாக நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் `[?]` எஞ்சும் வரிகளைத் தீர்க்க முயன்று கோப்பைத் தாமதப்படுத்த வேண்டாம். அவற்றின் எண்களை மட்டும் கோப்பின் கடைசியில் ஒரு வரியில் எழுதிவைத்து, அதே கையெழுத்தில் அடுத்த தாள் கிடைக்கும்போது முதல் வேலையாக அந்த எண்களுக்குத் திரும்புங்கள். நம் பட்டியலில் அவை 3, 4, 11, 15.